அறிவிப்பு ஆணையாகாது: 79ஆம் பிரிவும் சஹயோக் தளமும்

‘தெரிவித்தல்’ வேறு, ‘பணித்தல்’ வேறு. பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் இவ்வேறுபாடு இந்திய ஒன்றிய அரசுக்கு விளங்கவில்லை. அல்லது விளங்காததுபோல் இருப்பது அதற்கு வசதியாக இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ‘தெரிவிக்கப்பட்டால்’ என்று எழுதப்பட்டிருக்கும் ஓரிடத்தை எடுத்து, அதை ‘ஆணையிடலாம்’ என்று படித்து, அப்படிப்பின் மேல் ஒரு முழு இணையதளத்தையே கட்டி எழுப்பியிருக்கிறார்கள். அதன் பெயர் சஹயோக். அதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம், நான் ஆய்வு செய்துவரும் இதே பெங்களூருவில், 2025 செப்டம்பர் 24 அன்று தள்ளுபடி செய்தது. அத்தீர்ப்பை வரவேற்றுத் தமிழில் வந்த பதிவுகளில் நான் படித்தவை அனைத்தும், ‘அந்நிய நிறுவனம் நம் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டாமா?’ என்ற ஒரே கேள்வியைக் கேட்டன. கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. எந்தச் சட்டத்துக்கு, அச்சட்டத்தின் எந்தச் சொல்லுக்கு என்பதே கேள்வி.

மொழியியல் படித்தவர் சட்டம் பேசலாமா என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு முன்கூட்டியே ஒரு விடை. சட்டம் என்பது சொற்றொடர். அதில் எது எழுவாய், எது பயனிலை, எது நிபந்தனை, எது ஏவல் என்று பிரித்துப் பார்ப்பது சட்டக் கல்லூரியின் தனியுரிமை அன்று. இங்கே சிக்கலே ஒரு தொடரின் இலக்கணத்தில்தான் இருக்கிறது.

முதலில் அத்தொடரைப் பார்ப்போம். ஒருவர் எழுதியதற்கு, அதைத் தாங்கி நிற்கும் தளம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பதே 79ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு. சட்ட உலகில் ‘சேஃப் ஹார்பர்’ என்று வழங்கும் பாதுகாப்பு இதுதான். இங்கு இதைப் பொறுப்பு விலக்கு என்றே சொல்கிறேன். அஞ்சலில் வந்த மிரட்டல் கடிதத்துக்காக அஞ்சல்காரரைச் சிறையில் அடைப்பதில்லை அல்லவா, ஏறக்குறைய அதே நியாயம். இந்த நியாயம் இந்தியச் சட்டத்தில் இவ்வளவு தெளிவாக இடம்பெற்றதற்கு ஒரு கைதும் காரணம். 2004 டிசம்பரில், பாஸி டாட் காம் என்ற ஏலத் தளத்தில் யாரோ ஒருவர் ஆபாசக் காணொளி ஒன்றை விற்பனைக்கு வைத்தார் என்பதற்காக, அத்தளத்தின் தலைமை நிர்வாகியைக் காவல்துறை கைது செய்தது. அதன் பின்னர் எழுந்த விவாதங்களின் வழியே வந்த 2008ஆம் ஆண்டுத் திருத்தம், 79ஆம் பிரிவை இன்றைய வடிவில் திருத்தி எழுதியது.

பொறுப்பு விலக்கு நிபந்தனையற்றதன்று. தளம் தானே செய்தியைத் தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ கூடாது. உரிய கவனத்துடன் நடந்துகொள்ள வேண்டும். இவை இரண்டாம் உட்பிரிவில் உள்ளன. மூன்றாம் உட்பிரிவு, எப்போது விலக்கு பொருந்தாது என்று சொல்கிறது. அதன் ‘பி’ பகுதிதான் இப்போதைய போர்க்களம். அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்: தன் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு தகவல் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுகிறது என்பதை ஒரு தளம் உள்ளபடியே அறிந்த பின்னரோ, உரிய அரசோ அதன் முகமையோ அதைத் தெரிவித்த பின்னரோ, விரைந்து அதை நீக்கத் தவறினால், முதல் உட்பிரிவின் விலக்கு அதற்குப் பொருந்தாது.

இத்தொடரின் இறுதி வினை எது? ‘பொருந்தாது’ என்பதே. ‘தவறினால்’ என்பது நிபந்தனை எச்சம். நம் பழைய இலக்கணிகள் ‘செயின்’ என்னும் வாய்பாட்டில் அடக்கிய அதே வகை. இத்தொடர் முழுவதிலும் ஏவல் வினை ஒன்றுகூட இல்லை. ‘நீக்குக’ என்று அது யாருக்கும் சொல்லவில்லை. ‘நீக்குமாறு அரசு பணிக்கலாம்’ என்றும் சொல்லவில்லை. நீக்காவிட்டால் ஒரு சலுகை போய்விடும் என்று மட்டுமே சொல்கிறது.

இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைப்பவர்கள் ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்கவும். ‘அடையாள அட்டையைக் காட்டாவிட்டால் மாணவர் கட்டணச் சலுகை பொருந்தாது’ என்று ஒரு விதி இருப்பதாகக் கொள்வோம். அட்டையைக் காட்டாத மாணவருக்கு என்ன ஆகும்? அவர் முழுக் கட்டணம் செலுத்துவார், அவ்வளவே. அட்டையைக் காட்டாததே குற்றம் என்று அவர்மேல் வழக்குத் தொடுக்க முடியாது. அவர் பையைத் திறந்து அட்டையைத் தேடும் அதிகாரத்தை அவ்விதி பரிசோதகருக்குத் தரவும் இல்லை. சலுகை போவது ஒன்று, கட்டளைக்கு உள்ளாவது வேறொன்று.

79ஆம் பிரிவிலும் அவ்வாறே. விலக்கு போன தளம் அந்தக் கணமே குற்றவாளி ஆகிவிடுவதில்லை. விலக்கு என்னும் கேடயம் இல்லாமல் அது ஒரு நீதிமன்றத்தின் முன் நிற்க வேண்டியிருக்கும். அப்பதிவு உண்மையிலேயே சட்டவிரோதமானதா, அதில் தளத்தின் பங்கு என்ன என்பதை அங்கே வழக்காடித்தான் மெய்ப்பிக்க வேண்டும். அதாவது அரசின் அறிவிப்பு என்பது ‘உங்களுக்குத் தெரியாது என்று இனிச் சொல்ல முடியாது’ என்னும் செய்தி. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

சட்டமியற்றியவர்களுக்கு ஆணையிடும் அதிகாரத்தை எழுதத் தெரியாது என்றும் சொல்ல வழியில்லை. ஏனெனில் அதே 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில், அதே கைகள் 69ஏ என்னும் பிரிவையும் எழுதின. அங்கே வினை வேறு. ஒன்றிய அரசு, காரணங்களை எழுத்தில் பதிவு செய்து, ஓர் ஆணையின் வழியாகத் தளத்தைப் பணிக்கலாம் என்று 69ஏ வெளிப்படையாகக் கூறுகிறது. எவற்றுக்காகப் பணிக்கலாம் என்பதும் எண்ணி வைக்கப்பட்டுள்ளது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, இவை தொடர்பான குற்றங்களைத் தூண்டுவதைத் தடுத்தல். கீழ்ப்படியாத தளத்தினருக்கு ஏழாண்டு வரை சிறை என்றும் அங்கே எழுதப்பட்டுள்ளது. 79(3)(பி)-யில் எண்ணி வைத்த காரணங்களும் இல்லை, காரணத்தை எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, தனித் தண்டனையும் இல்லை. ஏன் இல்லை? அது ஆணையிடும் பிரிவே அன்று என்பதால். ஒரே நூலின் ஒரே பதிப்பில் ஒருவர் இரு வேறு வினைகளை ஆண்டால், இரண்டுக்கும் பொருள் வேறு என்று கொள்வதே வாசிப்பின் முதல் விதி.

69ஏ பிரிவின்கீழ் ஒரு பதிவை முடக்க 2009ஆம் ஆண்டு விதிகள் ஒரு வழிமுறையை வகுத்துள்ளன. கோரிக்கை ஒரு குறிப்பிட்ட அதிகாரியிடம் வர வேண்டும். சட்டம், உள்துறை, தகவல் ஒலிபரப்பு ஆகிய அமைச்சகங்களின் பேராளர்களும் கணினி அவசரநிலைக் குழுவின் பேராளரும் அமர்ந்த ஒரு குழு அதை ஆராய வேண்டும். பதிவிட்டவரையோ தளத்தையோ அடையாளம் கண்டு, விடையளிக்கக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும். பின்னர் மற்றொரு மறு ஆய்வுக் குழு அந்த ஆணைகளைப் பார்வையிட வேண்டும். இவ்வழிமுறை குறையற்றது என்று நான் சொல்லவில்லை. அதன் 16ஆம் விதி எல்லாவற்றையும் இரகசியம் என்று பூட்டி வைத்திருப்பது தனியே கண்டிக்கத்தக்கது. ஆயினும் 2015 மார்ச் 24 அன்று, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 69ஏ பிரிவைச் செல்லும் என்று ஏற்றதற்கு, இந்தக் காப்புகள் இருந்தமையே அடிப்படை. காப்புகள் இருக்கின்றன, ஆகவே அதிகாரம் நிற்கலாம் என்பதே அங்கே நியாயம். காப்புகள் அனைத்தையும் கழித்துவிட்டு, அதே அதிகாரத்தை வேறொரு பிரிவின் பின்வாசல் வழியாக எடுத்துக்கொள்வது எவ்வகை நியாயம்?

அதே தீர்ப்பு 79(3)(பி)-யையும் சுருக்கிப் படித்தது. எண்ணற்ற கோரிக்கைகளில் எது நியாயம், எது அநியாயம் என்று ஒரு தனியார் தளம் நீதிபதியாக அமர்ந்து முடிவு செய்ய முடியாது. ஆகவே ‘உள்ளபடியே அறிதல்’ என்றால் நீதிமன்ற ஆணை ஒன்று பிறந்திருப்பதை அறிதல் என்றே பொருள் என்றது. அரசின் அறிவிப்பும் அரசமைப்பின் 19(2) உறுப்பு அனுமதிக்கும் காரணங்களுக்குள் கண்டிப்பாக அடங்க வேண்டும் என்றது.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீதிமன்ற ஆணையுடன் அரசின் அறிவிப்பையும் சேர்த்துத்தானே உச்ச நீதிமன்றம் பேசியது, அப்படியானால் அறிவிப்புக்குத் தனி வலிமை உண்டு என்றுதானே பொருள் என்று கேட்கிறார்கள். கேள்வி நேர்மையானது. அறிவிப்பு என்ற ஒன்று உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. சட்டத்திலேயே அச்சொல் இருக்கிறது. ஆனால் அறிவிப்பு உண்டு என்பதிலிருந்து அறிவிப்பு ஆணையாகும் என்பது பெறப்படாது. உச்ச நீதிமன்றம் அறிவிப்பின் எல்லையைக் குறுக்கியது. அதன் இயல்பை மாற்றவில்லை. வேலியைக் குறுக்கிப் போட்ட தீர்ப்பைக் காட்டியே வேலிக்கு வெளியே உழுவது பொருந்தாது.

இனி, இந்த இலக்கணப் பிழை நடைமுறையில் என்ன செய்கிறது என்பதை ஒரு நிகழ்வைக் கொண்டு பார்ப்போம்.

2025 பிப்ரவரி 15 இரவு புது டெல்லி ரயில் நிலையத்தில் நெரிசலில் சிக்கி 18 பேர் இறந்தார்கள். கும்பமேளாவுக்குச் செல்லத் திரண்ட கூட்டம் அது. அங்கிருந்தவர்கள் எடுத்த காணொளிகள் சமூக ஊடகங்களில் பரவின. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17 அன்று, ரயில்வே அமைச்சகம் எக்ஸ் நிறுவனத்துக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது: 280-க்கும் மேற்பட்ட இணைப்புகளை 36 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். இத்தகைய அறிவிப்பைத் தானே நேரடியாக அனுப்பும் அதிகாரம் ரயில்வே வாரியத்தின் தகவல் விளம்பர அதிகாரிக்கு 2024 டிசம்பரில்தான் தரப்பட்டிருந்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களாகச் செய்திகளில் வந்தவை மூன்று. இறந்தோரைக் காட்டுவது அறநெறிக்கு முரண். அது எக்ஸ் தளத்தின் சொந்த உள்ளடக்கக் கொள்கைக்கும் முரண். ரயில்களில் கூட்டம் மிகுந்துள்ள வேளையில் சட்டம் ஒழுங்குச் சிக்கல் எழலாம்.

இம்மூன்றையும் ஒவ்வொன்றாகச் சட்டத்தின் சொற்களோடு ஒட்டிப் பார்க்கலாம். அறநெறி என்பது மதிக்கத்தக்கது. இறந்தவரின் முகத்தைப் பரப்புவது எனக்கும் உவப்பானதன்று. ஆனால் 79(3)(பி) கேட்பது சட்டவிரோதச் செயல், அறமற்ற செயல் அன்று. இரண்டாவதாக, ஒரு தனியார் நிறுவனம் தனக்கு வகுத்துக்கொண்ட கொள்கையை மீறுவது எந்தச் சட்டத்தையும் மீறுவதாகாது. அதைக் காக்கும் வேலையை நாடாளுமன்றம் ரயில்வேயிடம் ஒப்படைக்கவும் இல்லை. மூன்றாவது மட்டுமே சட்டத்தின் எல்லைக்கு அருகில் வருகிறது. பொது ஒழுங்கு உண்மையிலேயே காரணம் என்றால், அதற்கென்றே எழுதப்பட்ட பிரிவு 69ஏ. அங்கே போயிருந்தால் குழுவின் முன் காரணம் சொல்லியிருக்க வேண்டும். 280-க்கும் மேற்பட்ட காணொளிகளில் எது உடலைக் காட்டுகிறது, எது கூட்டத்தை மட்டும் காட்டுகிறது, எது நடைமேடை மேலாண்மையின் தவற்றைக் காட்டுகிறது என்று பிரித்துப் பேசியிருக்க வேண்டும். மொத்தமாக அள்ளி ஒரு பட்டியல் அனுப்பியதில் அந்தப் பிரிப்புக்கு இடமில்லை.

இதில் மிகப்பெரிய முறைகேடு வேறு. நெரிசல் நிகழ்ந்தது ரயில்வேயின் வளாகத்தில். அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்ததும் ரயில்வேயை நோக்கியே. அந்தக் கேள்விக்கான காட்சிச் சான்றுகளை நீக்கச் சொல்லியதும் ரயில்வேயே. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கலாகாது என்பது இயற்கை நீதியின் பழைமையான விதி. 69ஏ-யின் குழுவில் பல அமைச்சகங்கள் அமர வேண்டும் என்று வைத்ததன் பயன் இதுதான்: கேட்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறு சிலர். 79(3)(பி)-யை ஆணையாக்கும் வாசிப்பில் அந்த இடைவெளி மறைந்துவிடுகிறது. சஹயோக் தளம் இந்த முறையை ஒரு தொழிற்சாலை ஆக்குகிறது. உள்துறை அமைச்சகத்தின் இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் நடத்தும் அந்தத் தளத்தின் வழியாக, ஒன்றிய அமைச்சகங்களும் மாநிலக் காவல்துறைகளும் அறிவிப்புகளை நேராகத் தளங்களுக்கு அனுப்பலாம்.

‘தளம் நீக்க மறுக்கலாமே, சலுகைதானே போகும்?’ என்று என் வாதத்தையே எனக்கெதிராகத் திருப்பலாம். ஏட்டளவில் மறுக்கலாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு காணொளியை நீக்கினால் அதற்கு இழப்பு ஏறத்தாழ ஒன்றுமில்லை. நீக்காவிட்டால், பல கோடிப் பயனர்கள் உள்ள நாட்டில் பொறுப்பு விலக்கை இழந்து, மாநிலத்துக்கு ஒரு வழக்கை எதிர்கொள்ள நேரலாம். எவர் எதைத் தேர்வார்? இதற்குச் சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. பெங்களூருவின் இணையம் மற்றும் சமூக மையத்துக்காக 2011இல் ஓர் ஆய்வு நடந்தது. வேண்டுமென்றே குறைகளுடன் எழுதப்பட்ட நீக்கக் கோரிக்கைகள் ஏழு நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. ஆறு நிறுவனங்கள் கேட்டதையும் கேட்டதற்கு மேலும் நீக்கின. அன்று கோரியவர் ஒரு தனிநபர். இன்று கோருவது அரசு, அதுவும் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. மறுக்கும் உரிமை உண்டு என்று சொல்வது, பசித்தவருக்கு நோன்பிருக்கும் உரிமை உண்டு என்று சொல்வதைப் போன்றது.

உயர் நீதிமன்றத் தீர்ப்பை மதித்தே அதனுடன் முரண்படுகிறேன். இரண்டு இடங்கள் என்னால் ஏற்க இயலாதவை.

முதலாவது, ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு 2011ஆம் ஆண்டு விதிகளைப் பற்றியது, 2021இல் புதிய விதிகள் வந்துவிட்டன, ஆகவே அதை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்ற நிலைப்பாடு. விதிகள் மாறின என்பது உண்மை. ஆனால் 79(3)(பி) விதியன்று. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பிரிவு. அதன் சொற்கள் 2015இல் இருந்தவாறே இன்றும் உள்ளன. அச்சொற்களுக்கு உச்ச நீதிமன்றம் உரைத்த பொருள், அரசமைப்பின் 141ஆம் உறுப்பின்படி நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்துவது. சட்டத்தின் கீழ் அமைச்சகம் எழுதும் விதி, சட்டத்தின் பொருளை மாற்றும் என்றால், உரை மூலத்தைத் திருத்தும் என்றாகிவிடும்.

இரண்டாவது, கருத்துரிமை தரும் 19ஆம் உறுப்பு குடிமக்களுக்கு உரியது, அமெரிக்க நிறுவனம் அதைக் கோர முடியாது என்பது. உறுப்பின் சொற்படி இது சரி. நானும் எக்ஸ் நிறுவனத்துக்காகக் கண்ணீர் சிந்தவில்லை. அதற்கு அதன் வணிகம், அதன் முதலாளியின் அரசியல். ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். நீக்கப்படுவது எக்ஸ் நிறுவனத்தின் பேச்சன்று. நடைமேடையில் நின்று கைப்பேசியில் படம்பிடித்த ஒரு குடிமகனின் பேச்சு. அக்குடிமகனுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் 79(3)(பி)-யில் இல்லை. தன் பதிவு ஏன் மறைந்தது, யார் சொல்லி மறைந்தது என்று அறியாத ஒருவர் எந்த ஆணையை எதிர்த்து வழக்குத் தொடுப்பார்? தெரிந்த நிறுவனத்துக்கு உரிமை இல்லை. உரிமை உள்ள குடிமகனுக்குத் தெரிவதில்லை. இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில் கருத்துரிமை தெருவில் நிற்கிறது. 2023 ஜூன் 30 அன்றும் இதே நீதிமன்றம், 69ஏ ஆணைகளை எதிர்த்த அதே நிறுவனத்தின் மனுவை 50 லட்சம் ரூபாய் செலவுத் தொகை விதித்துத் தள்ளுபடி செய்தது. இனி இத்தகைய ஆணையை எதிர்த்து நீதிமன்றப் படியேறும் முன் எந்த நிறுவனமும் இருமுறை எண்ணும். பயனரோ படி எங்கே என்றே அறியார்.

அப்படியானால் இணையத்தில் நடக்கும் கொடுமைகளை என்ன செய்வது என்ற கேள்வி உண்டு. அது பொய்யான கேள்வியன்று. பெண்களின் படங்களைத் திரித்துப் பரப்புகிறார்கள். போலிக் கணக்குகளில் ஏமாற்றுகிறார்கள். இவ்வழக்கின்போதே ஒன்றிய அரசின் தலைமை வழக்குரைஞர், ‘கர்நாடக உச்ச நீதிமன்றம்’ என்ற இல்லாத பெயரில் எக்ஸ் தளத்தில் ஒரு கணக்கையே உருவாக்கிக் காட்டினார். சிக்கல் உண்மை என்பதை அது மெய்ப்பித்தது. ஆனால் தீர்வு சஹயோக் என்பதை அது மெய்ப்பிக்கவில்லை. அந்தரங்கப் படமோ திரித்த படமோ வெளியானால், பாதிக்கப்பட்டவர் முறையிட்ட 2 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகளின் 3(2)(பி) ஏற்கெனவே கூறுகிறது. அங்கே முறையிடுபவர் பாதிக்கப்பட்ட மனிதர்; தன் மானத்தைக் காக்கத் துடிக்கும் துறை அன்று. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவின்படி குற்றம். கலவரம் மூளும் நிலை என்றால் 2009ஆம் ஆண்டு விதிகளின் 9ஆவது விதி இருக்கிறது. அவசரமெனில் விசாரணையின்றியே துறைச் செயலாளர் இடைக்கால முடக்க ஆணை பிறப்பிக்கலாம். ஆனால் 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைத்தாக வேண்டும். ‘விரைவு வேண்டும், ஆகவே சஹயோக்’ என்ற வாதம் இங்கே உடைகிறது. விரைவு ஏற்கெனவே சட்டத்தில் உண்டு. சஹயோக் சேர்ப்பது விரைவை அன்று. அது கழிப்பது பிற்பாடு கணக்குக் காட்டும் கடமையை.

அரசுக்கே இதில் உறுத்தல் உண்டு என்பதற்கு 2025 அக்டோபர் 22 அன்று வெளியான விதித் திருத்தம் சான்று. நவம்பர் 15 முதல், இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியும், காவல்துறையில் துணைத் தலைவர் நிலைக்குக் குறையாதவருமே பொதுவாக இவ்வறிவிப்பை அனுப்ப முடியும். சட்ட அடிப்படையையும் காரணத்தையும் குறிப்பிட வேண்டும். செயலாளர் நிலை அதிகாரி மாதந்தோறும் அவற்றை மறு ஆய்வு செய்ய வேண்டும். இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் முன்பு அதிகாரியின் நிலைகூட வரையறுக்கப்படாமல் இந்த எந்திரம் ஓடியது என்பதற்கும் இதுவே ஒப்புதல். மேலும், நாற்காலி உயர்ந்ததால் வினை மாறுவதில்லை. இணைச் செயலாளர் உச்சரித்தாலும் நிபந்தனை எச்சம் ஏவலாகாது. மறு ஆய்வு செய்பவரும் அதே அரசின் அதிகாரி. பதிவிட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஒரு வரியை இத்திருத்தத்திலும் காணவில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிதன்று. அரசு ஆணையிட விரும்பினால் ஆணையிடும் பிரிவுக்குப் போகட்டும். அதன் காரணங்கள் போதாவெனில் நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்து, காப்புகளுடன் எழுதி, வெளிச்சத்தில் விவாதிக்கட்டும். 79(3)(பி)-யின்கீழ் அனுப்பப்படும் ஒவ்வொரு அறிவிப்பிலும், ‘இது தகவல், இதற்கு இணங்காதது தன்னளவில் குற்றமன்று’ என்று எழுதட்டும். பதிவிட்டவரைக் கண்டறிய முடியுமானால் அவருக்கும் ஒரு படி போகட்டும். எந்தத் துறையும் தன்னைப் பற்றிய விமர்சனத்தைத் தானே நீக்கக் கோராதிருக்கட்டும்.

எக்ஸ் நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது. அங்கே அந்நிறுவனம் வெல்கிறதா தோற்கிறதா என்பது எனக்குப் பொருட்டன்று. ‘தெரிவிக்கப்பட்டால்’ என்ற சொல்லை யாராவது ஒருமுறை உரக்கப் படிக்க வேண்டும் என்பதே பொருட்டு. மறுப்பவர்கள் தாராளமாக மறுத்து எழுதுங்கள்; ஆனால் நிறுவனத்தைப் பற்றி அல்லாமல், 79(3)(பி)-யின் எந்தச் சொல் அரசுக்கு ஆணையிடும் அதிகாரத்தைத் தருகிறது என்பதைச் சுட்டி எழுதுங்கள். நான் தேடிய வரையில் அப்படியொரு சொல் அங்கே இல்லை.